ஒரு வெள்ளிக் கிண்ணம், மூன்று முத்திரைகள்

நல்ல வேலைப்பாடுள்ள வெள்ளிக் கிண்ணம் ஒன்று கடையில் இருக்கிறது. அதில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியுமா? வாங்குபவரால் முடியாது. நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பு கலந்தாலும் வெள்ளி வெளுப்பாகத்தான் தெரியும். உண்மை தெரிந்தவர் அதைச் செய்தவர் ஒருவரே. ஏமாற்றினால் லாபம் அடைபவரும் அவரே.

எல்லாச் சந்தைகளுக்கும் உள்ள சிக்கல் இது. துணியில் நூலைக் குறைக்கலாம், மெழுகில் கொழுப்பைக் கலக்கலாம். அரசு ஆய்வுக்கூடமோ நுகர்வோர் நீதிமன்றமோ இல்லாத இடைக்கால ஐரோப்பிய வணிக நகரங்கள் இதற்குக் கண்ட வழி, கைவினைஞர்களின் சங்கம். கில்ட் என்று அழைக்கப்பட்ட அந்தச் சங்கங்கள் துணி, தோல், ரொட்டி, மெழுகுவத்தி என்று ஒவ்வொரு தொழிலிலும் இருந்தன. அவற்றுள் லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் கதை தனித்து நிற்கிறது. அவர்கள் கட்டிய ஏற்பாடு ஒரே நாளில் பிறக்கவில்லை. சுமார் 180 ஆண்டுகளில், ஓட்டை தெரியத் தெரிய ஒவ்வொரு முத்திரையாகச் சேர்ந்து உருவானது.

அரசனுக்கு ஏன் இந்த அக்கறை?

அன்றைய வெள்ளிப் பாத்திரம் வெறும் பாத்திரமாக இருக்கவில்லை. அது சேமிப்பு. வங்கி இல்லாத காலத்தில் பிரபுவும் வணிகரும் துறவி மடமும் செல்வத்தைக் கிண்ணமாகவும் தட்டாகவும் வைத்திருந்தார்கள். பணமுடை வந்தால் உருக்கி நாணயமாக்கிக் கொள்ளலாம். நாணயமும் பாத்திரமும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டே இருந்ததால், பாத்திரத்தில் கலப்படம் செய்வது நாணயத்தில் கலப்படம் செய்வதற்குச் சமமாயிற்று.

அதனால்தான் 1238-இல் மூன்றாம் ஹென்றி மன்னர், நம்பிக்கைக்குரிய ஆறு பொற்கொல்லர்களைத் தேர்ந்தெடுத்துத் தொழிலைக் கண்காணிக்கச் செய்யும்படி லண்டன் மேயருக்கும் நகரப் பெரியவர்களுக்கும் ஆணையிட்டார். வெள்ளிப் பாத்திரம் நாணயத்தின் தரத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி.

ஸ்டெர்லிங் எனப்பட்ட அந்தத் தரத்தின் கணக்கு எளிது. 12 அவுன்ஸ் கொண்ட ஒரு பவுண்டு எடை, 240 சிறு பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. அதில் 222 பங்கு வெள்ளி, 18 பங்கு செம்பு. இன்றைய கணக்கில் ஆயிரத்துக்கு 925. சுத்த வெள்ளி மென்மையானது, எளிதில் நசுங்கும். உறுதிக்காகச் செம்பு சேர்ப்பது ஏமாற்று அல்ல. 18 பங்கைத் தாண்டி 40 பங்கு சேர்த்துவிட்டு, முழுத்தர விலை வாங்குவதுதான் ஏமாற்று. அப்படிச் செய்தால் ஒவ்வொரு பவுண்டிலும் 22 பங்கு வெள்ளி கைவினைஞரிடமே தங்கிவிடும்.

தெருவே ஒரு காவல்

நகரம் முதலில் கட்டுப்படுத்தியது பொருளை அல்ல, மனிதரை. லண்டனில் சொந்தமாகக் கடை வைக்க நகரக் குடியுரிமை தேவை. அதைப் பெறும் முக்கிய வழி, ஒரு சங்கத்தில் பயிற்சி முடித்து உறுப்பினராவது. சிறுவன் ஒருவன் குருவின் வீட்டிலேயே தங்கி, உண்டு, குறைந்தது ஏழு ஆண்டுகள் தொழில் பழகுவான். பின்னர் கூலிக்கு வேலை செய்வான். பணமும் நற்பெயரும் சேர்ந்தால் சத்தியப் பிரமாணம் செய்து சொந்தக் கடை திறப்பான். சங்கத்திலிருந்து விலக்கப்பட்டால் பிழைப்புக்கே வழி இல்லை. சங்கத்தின் சொல்லுக்கு வலு கொடுத்தது இந்த அச்சமே.

பாரிஸ் நகரம் இதில் இன்னும் கண்டிப்பாக இருந்தது. 1268 வாக்கில் எத்தியேன் புவாலோ என்ற அதிகாரி அந்நகரத் தொழில்களின் விதிகளைத் தொகுத்தார். அதன்படி பொற்கொல்லர் தம் உறவினரல்லாத பயிற்சி மாணவர் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக் காலம் பத்து ஆண்டு. இரவில் வேலை செய்யக் கூடாது; அரசர், அரசி, ஆயர் போன்றோருக்கான வேலைக்கு மட்டுமே விலக்கு. மங்கிய விளக்கில் செய்த வேலை சரியாக இராது என்பது இதற்கு ஒரு காரணம். சாத்திய கதவுக்குப் பின்னால் நடப்பதை யாரும் பார்க்க முடியாது என்பது இன்னொன்று.

லண்டனிலும் இதே எண்ணந்தான். 1327-இல் மூன்றாம் எட்வர்டு மன்னரிடம் அங்குள்ள பொற்கொல்லர்கள் ஒரு முறையீடு வைத்தார்கள். சிலர் சந்து பொந்துகளில் கடை வைத்து, யாருடையது என்று விசாரிக்காமலே வெள்ளிப் பாத்திரங்களை வாங்கி உருக்குகிறார்கள். போலி நகைகளில் கண்ணாடிக் கற்களைப் பதித்து விற்கிறார்கள். கத்தி செய்பவர்கள் வெள்ளீயத்தின் மேல் வெள்ளியைப் பிரித்துப் பார்க்க முடியாதபடி போர்த்திச் சுத்த வெள்ளி என்கிறார்கள் என்பது புகார். மன்னர் தந்த பட்டயம், பொற்கொல்லர்கள் சீப்சைடு என்ற பெருந்தெருவில்தான் கடை வைக்க வேண்டும் என்றது. போகிறவர் வருகிறவர் பார்வையில், போட்டிக் கடைக்காரரின் பார்வையில், சங்கத்தின் பார்வையில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். திருட்டுப் பொருள் விற்க வருபவருக்கும் அது இடைஞ்சல்.

சோதனை எப்படி நடந்தது?

1300-இல் முதலாம் எட்வர்டு மன்னரின் சட்டம் முதல் முத்திரையைக் கொண்டுவந்தது. சங்கத்தின் வார்டன்கள் சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை குத்தும்வரை எந்த வெள்ளிப் பாத்திரமும் செய்தவர் கையை விட்டு வெளியே போகக் கூடாது. வார்டன்கள் கடை கடையாகப் போய்ப் பார்க்க வேண்டும். தங்கத்துக்கு அளவுகோலாகப் 'பாரிஸ் மாற்று' வைக்கப்பட்டது. இன்றைய கணக்கில் 19 காரட்டுக்குச் சற்று மேல்.

தங்கத்தைச் சோதிக்க உரைகல். கருங்கல்லில் நகையை உரசி, பக்கத்திலேயே மாற்று தெரிந்த ஆணிகளை உரசி, இரண்டு கோடுகளின் நிறத்தையும் ஒப்பிடுவார்கள். நம் பத்தர்கள் செய்வதும் இதுதான். ஆனால் வெள்ளிக்கு இது போதாது. சிறிய வேறுபாடு உரைகல்லில் தெரியாது. அதைவிடப் பெரிய ஆபத்து மேற்பரப்பில் இருக்கிறது.

கலப்பு வெள்ளியைப் பழுக்கக் காய்ச்சி, புளிப்பும் உப்பும் சேர்ந்த நீரில் கொதிக்க வைத்தால் மேற்பரப்பிலுள்ள செம்பு மட்டும் கரைந்து போகும். ஐரோப்பாவில் திராட்சை மதுப் பீப்பாயின் அடியில் படியும் புளிப்புப் படிவை இதற்குப் பயன்படுத்தினார்கள். வெள்ளிக்கு வெண்மை ஏற்றும் முறையான வேலைதான் இது. ஆனால் தரம் குறைந்த பாத்திரத்தின் மேலும் சுத்த வெள்ளியின் மெல்லிய தோல் உருவாகிவிடும். அதை உரசினால் கல் பொய் சொல்லும்.

ஆகவே சுரண்டி எடுப்பதே வழி. பாத்திரம் மெருகேற்றி முடியும் முன்பே சோதனைக்கு வரும். சோதிப்பவர் மேல்தோலைக் கழித்துவிட்டு, உடல், அடிப்பாகம், கைப்பிடி, மூடி என்று ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சிறிது சிறிதாகச் சீவி எடுப்பார். தனித்தனியாகச் செய்து பற்ற வைத்த பகுதிகளில் ஒன்று மட்டும் மட்டமாக இருக்கலாம் அல்லவா?

சீவலை நுட்பமான தராசில் எடை போட்டு, அதைப்போல் பல மடங்கு எடையுள்ள ஈயத்தில் பொதிந்து, எலும்புச் சாம்பலை அழுத்திச் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து உலையில் இடுவார்கள். ஈயம் உருகி, காற்றோடு சேர்ந்து ஈயத் துருவாகும். செம்பும் துருவாகி அதனோடு சேரும். எலும்புச் சாம்பல் இந்த உருகிய துருவை உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளி துருவாகாது, அது மட்டும் மேலே நிற்கும். கடைசித் துளி ஈயம் மறையும்போது வெள்ளி மணி சட்டென்று பளிச்சிடும். சோதிப்பவர் காத்திருப்பது அந்த ஒரு நொடிக்காகத்தான்.

பிறகு மணியை எடை போட வேண்டியதுதான். 20 பங்கு சீவல் வைத்தால் 18.5 பங்கு திரும்பி வர வேண்டும். 17 பங்குதான் வந்தது என்றால் பாத்திரம் ஆயிரத்துக்கு 850 தரம். அது சம்மட்டிக்குப் போகும். உடைத்து நொறுக்கிச் செய்தவரிடமே தருவார்கள், அபராதமும் உண்டு.

இதிலும் தவறு நேரலாம். சூடு மிகுந்தால் வெள்ளியிலும் கொஞ்சம் உறிஞ்சப்பட்டுவிடும். நல்ல பாத்திரம் மட்டமானதாகத் தெரியும். சூடு குறைந்தால் ஈயம் முழுதும் நீங்காமல் மணியோடு தங்கி, மட்டமான பாத்திரம் நல்லதாகத் தெரியும். ஈயத்திலேயே இயல்பாகச் சிறிது வெள்ளி இருப்பதும் உண்டு. அதனால் வெறும் ஈயத்தைத் தனியே அதே உலையில் இட்டு, அதில் எவ்வளவு வெள்ளி மிஞ்சுகிறது என்று பார்த்துக் கழிக்க வேண்டும். நேர்மையுள்ள சோதனையாளர் மட்டும் போதாது, கைத்திறனும் வேண்டும்.

முத்திரையில் பெயர் இல்லையே!

சிறுத்தைத் தலை முத்திரை தரத்தைச் சொன்னது. ஆனால் ஒரு கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. முத்திரை வாங்கிச் சென்ற பிறகு யாரேனும் ஓர் அடிப்பாகத்தை மாற்றி ஒட்டினால்? பற்றவைக்கும் பொடியை அளவுக்கு மீறித் திணித்தால்? பத்து ஆண்டு கழித்து மோசம் வெளிப்படும்போது, யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

1363-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் பதில் சொன்னது. ஒவ்வொரு தலைமைப் பொற்கொல்லரும் தமக்கென ஒரு முத்திரை வைத்திருக்க வேண்டும். அது கண்காணிப்பாளர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தம் வேலைக்குத் தாமே பொறுப்பு என்பதை அதன் மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்தறிவு பரவாத காலம் என்பதால் இந்த முத்திரைகள் பெரும்பாலும் உருவங்களாகவே இருந்தன.

இதோடு செய்தவர் பிடிபட்டார். சோதித்தவர்? வார்டன்கள் என்போர் ஆண்டுதோறும் உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த நால்வர். அவர்களும் பொற்கொல்லர்களே. இந்த ஆண்டு நான் உன் கிண்ணத்தைச் சோதிக்கிறேன், அடுத்த ஆண்டு நீ என்னுடையதைச் சோதிப்பாய் என்ற நிலை. கண்ணை மூடிக்கொள்ள எவ்வளவு வசதி!

1423-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இடத்தைக் குறிவைத்தது. மட்டமான பொருளுக்கு முத்திரை குத்தியது நிரூபணமானால், முத்திரை வைத்திருப்பவர் அப்பொருளின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு இழக்க வேண்டும். 1477-இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அவரால் கட்ட முடியாவிட்டால் சங்கமே கட்ட வேண்டும்.

சங்கத்தின் பொதுப் பணத்துக்கே ஆபத்து என்றவுடன் காரியங்கள் வேகமாக நடந்தன. சுற்றுமுறையில் வந்து போகும் வார்டன்களை நம்பியிருந்த நிலை மாறி, 1478-இல் கிறிஸ்டோபர் எலியட் என்பவர் சம்பளம் பெறும் நிரந்தரச் சோதனையாளராக அமர்த்தப்பட்டார். பாத்திரங்களைச் சங்கத்தின் கூடமான கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலுக்குக் கொண்டுவந்து சோதித்து முத்திரை பெறும் முறை நிலைத்தது. இன்று உலகமெங்கும் 'ஹால்மார்க்' என்று நாம் சொல்வது அந்தக் கூடத்தின் முத்திரையைத்தான். அதே ஆண்டு மூன்றாவது முத்திரையும் வந்தது: ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. 1478-இல் ஏ. பொற்கொல்லர்களின் காவல் புனிதரான டன்ஸ்டனின் திருநாள் மே 19. ஆண்டுதோறும் அந்த நாளில் எழுத்து மாறும்.

மூன்று முத்திரைகளும் சேர்ந்து எப்படி வேலை செய்யும் என்று ஒரு கற்பனைக் கிண்ணத்தை வைத்துப் பார்ப்போம். ஒரு வணிகர் வாங்கிய கிண்ணம், அவருடைய மகன் காலத்தில் நாணயசாலைக்கு உருக்க வருகிறது. எதிர்பார்த்ததைவிட வெள்ளி குறைகிறது. உருக்கும் முன் குறித்துக்கொண்ட முத்திரைகளைப் பார்க்கிறார்கள். சிறுத்தைத் தலை இருப்பதால், தரம் 925 என்று உறுதி தரப்பட்ட பொருள் இது. செய்தவரின் உருவ முத்திரை எந்தக் கடை என்று காட்டுகிறது. எழுத்து அகரவரிசையில் எட்டாவது. 1478-இலிருந்து எண்ணினால் 1485 மே முதல் 1486 மே வரை. அந்த ஆண்டில் சோதனையாளர் யார், வார்டன்கள் யார் என்று சங்கத்தின் ஏடு சொல்லிவிடும். எந்தத் தரம், யார் செய்தது, யார் காலத்தில் சோதித்தது என்ற மூன்று கேள்விக்கும் கிண்ணத்திலேயே பதில் இருக்கிறது. தவறு செய்தவருக்கு 'நானில்லை' என்று சொல்ல இடமில்லை.

எட்டாத இடங்கள்

இந்த ஏற்பாடு எல்லாவற்றையும் பிடித்துவிடவில்லை. 1300-ஆம் ஆண்டுச் சட்டம் மற்ற நகரங்களுக்கும் பொருந்தும் என்றுதான் எழுதப்பட்டது. ஒவ்வொரு நகரத்திலிருந்தும் ஒருவர் லண்டனுக்கு வந்து தரத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றது. தொலைதூர நகரத்துக் கைவினைஞர்கள் ஒழுங்காகப் பின்பற்றவில்லை. அதனால் 1423-இல் யார்க், நார்விச், பிரிஸ்டல் உள்ளிட்ட ஏழு நகரங்களுக்குத் தனித்தனி முத்திரை உரிமை தர வேண்டியதாயிற்று. முத்திரை குத்த முடியாத அளவுக்குச் சிறிய மோதிரமும் கொக்கியும் பெரும்பாலும் தப்பித்தன.

விலையும் இதில் உண்டு. யார் கடை வைக்கலாம், எத்தனை பேருக்குப் பயிற்சி தரலாம், எந்தத் தெருவில் விற்கலாம் என்பதையெல்லாம் சங்கமே தீர்மானித்ததால் போட்டி குறைந்தது. திறமையிருந்தும் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக் கைவினைஞர்களும் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். தரத்தின் பெயரால் போடப்பட்ட விதிகளில் சில, உறுப்பினர்களின் வருமானத்தைக் காக்கத்தான் உதவின. ரொட்டியோ துணியோ விற்ற பல சங்கங்களின் விதிகள் காலப்போக்கில் மறைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொற்கொல்லர் முத்திரை மட்டும் ஏன் நிலைத்தது? அதன் அடிப்படை ஒருவரின் அபிப்பிராயம் அல்ல, எடை. துணி நல்லதா என்பதில் இருவர் வாதாடலாம். 20 பங்கு வைத்து 17 பங்கு வந்தால் வாதத்துக்கே இடமில்லை. அதோடு, சோதிப்பவர் தவறினால் அவரும் இழக்க வேண்டும் என்ற விதி சேர்ந்தது. என் பார்வையில், அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றியது 1300-இன் முதல் முத்திரையைவிட 1423-இன் இரட்டை அபராதமே. கண்காணிப்பவரைக் கண்காணிக்க யாருமில்லாத முத்திரை, வெறும் அலங்காரம்.

நம் கையில் இருப்பது

அந்த வழிமுறையின் நேர் வாரிசு நம் வீட்டுப் பீரோவிலும் இருக்கிறது. இந்தியாவில் தங்க நகைக்கு ஹால்மார்க் 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. இங்கே சோதிப்பவர்கள் நகை வியாபாரிகளின் சங்கம் அல்ல. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். அங்கீகரித்த சோதனை மையங்கள். நகையில் மூன்று குறிகள் இருக்கும்: பி.ஐ.எஸ். சின்னம், 22 காரட்டானால் 916 என்ற மாற்று எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி. 1363-இன் கடைக்காரர் முத்திரையும் 1478-இன் ஆண்டு எழுத்தும் செய்த வேலையை இந்த ஆறு இலக்கக் குறி செய்கிறது. ஒரு நகைக்கு உள்ள குறி இன்னொரு நகைக்கு வராது.

பலர் 916 இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்து விடுகிறோம். அது முதல் முத்திரையோடு நின்றுவிடுவது. அடுத்த முறை நகை வாங்கும்போது, கடையிலேயே பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி ஆறு இலக்கக் குறியைப் படியுங்கள். 'BIS Care' செயலியில் அதை இட்டால், அந்த நகை என்ன வகை, என்ன மாற்று, எந்த நகைக்கடை பதிவு செய்தது, எந்த மையம் சோதித்தது என்பது தெரியும். கையில் இருக்கும் நகையோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஐயம் வந்தால் கட்டணம் செலுத்தி அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் நீங்களே சோதித்துக்கொள்ளலாம். ஹால்மார்க் நகையில் மாற்று குறைந்திருந்தால், குறைந்த அளவுக்குரிய தொகையைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கேட்க 2018-ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். விதிகள் உங்களுக்கு உரிமை தருகின்றன.